டிரைவிங் ஸ்கூல் கேப்ஷன்: 3600 ராண்ட் என்று போட்டால் ஏன் சண்டை வருகிறது

"அண்ணே, சாட்ஸ்வர்த்தில் ஒரே ஒரு காரை வைத்து டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்திருக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக டர்பன் வந்திருக்கும் தமிழ் ஆட்களுக்காகத் தமிழிலேயே ஒரு கேப்ஷன் போட்டேன். 'புதியவர்களுக்கு 12 மணி நேரப் பயிற்சி, வெறும் 3600 ராண்ட், கே53 டிரைவிங் டெஸ்ட் பாஸ் உறுதி!' போன் நிறைய வருகிறது. ஆனால் டெஸ்ட் நாளுக்கு கார் வாடகை 800 ராண்ட் தனி என்று சொன்னதும் ஏமாற்றிவிட்டாய் என்று சண்டைக்கு வருகிறார்கள். எப்படி மாற்றி எழுதலாம்?"

முதலில் அந்த 'பாஸ் உறுதி'யை எடுத்துவிடுங்கள் தம்பி. ஊரில் அது வெறும் விளம்பரப் பேச்சு, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே அப்படி இல்லை. டெஸ்ட் எடுப்பவர் உங்கள் ஆள் கிடையாது, டெஸ்டிங் சென்டரின் ஆள். அவர் கையில் இருக்கும் முடிவை நீங்கள் உறுதி என்று சொன்னால், படிக்கிறவர் ஒன்றைத்தான் நினைப்பார்: உள்ளே யாருக்கோ 'கோல்ட் டிரிங்க்' போகிறது. இந்த ஊரில் கோல்ட் டிரிங்க் என்றால் சோடா இல்லை, லஞ்சம் என்பது வந்த ஒரு மாதத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த நினைப்பில் வருகிற ஆள் பாடத்துக்கு ஒழுங்காக வரமாட்டார், ஃபெயில் ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்பார். உங்கள் சண்டையில் பாதிக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்குக் காரணம் பணம் இல்லை, பாடத் திட்டம். பத்தொன்பது வருஷம் இந்த வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கேப்ஷனில் என்ன போடுவது என்பது நீங்கள் அந்த 12 மணி நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

பெரும்பாலான ஸ்கூலில் என்ன நடக்கிறது? ஆள் பணம் கட்டுகிறார். வாரத்துக்கு நாலு பாடம், மூன்று வாரத்தில் 12 மணி நேரம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் டெஸ்டுக்கு புக் பண்ணலாமா என்று பேச்சு வரும். online.natis.gov.za-வில் போய்ப் பார்த்தால் பக்கத்து சென்டரில் இடம் இருக்காது, கிடைக்கிற தேதி பல வாரம் தள்ளி இருக்கும். அந்த இடைவெளியில் ஸ்டியரிங்கைத் தொடாத ஆள் டெஸ்ட் நாளில் வந்து உட்காரும்போது கிளட்ச் எங்கே கடிக்கும் என்பதே காலுக்கு மறந்திருக்கும். உடனே இன்னும் நாலு பாடம் எடு, ஆறு பாடம் எடு என்று சொல்ல வேண்டிவரும். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் 3600 என்று சொன்னவன் 5000-க்கு மேல் பிடுங்குகிறான். தப்பு அவர்மேல் இல்லை.

அதனால் 12-ஐ 8 என்றும் 4 என்றும் இரண்டாக வெட்டுங்கள். முதல் 8 மணி நேரம் ஆள் சேர்ந்ததும். அந்த எட்டு நடந்துகொண்டிருக்கும்போதே டெஸ்ட் தேதி வாங்கச் சொல்லுங்கள். கடைசி 4 மணி நேரத்தைத் தொடவே கூடாது, அது டெஸ்டுக்கு முந்தைய எட்டுப் பத்து நாளுக்குள் மட்டும். நடுவில் எத்தனை வாரம் போனாலும் பரவாயில்லை, அந்த நாலு மணி நேரம் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிடும். தேதி வாங்கும்போது ஈஸ்டர் வாரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளியும் திங்களும் ஆபீஸ் கிடையாது, நம் ஆட்களில் பாதிப் பேர் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் இருப்பார்கள், கடைசிப் பாடத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

முதல் எட்டில் என்ன சொல்லித் தருவது என்பது உங்களுக்குத் தெரியும். முதல் இரண்டு மணி நேரம் ஆளில்லாத இடத்தில் கிளட்ச், கிளம்புவது, நிற்பது. சாட்ஸ்வர்த்தில் மேடு பள்ளத்துக்குப் பஞ்சமே இல்லை, மூன்றாவது மணியிலேயே மேட்டில் நிறுத்திக் கிளப்ப வையுங்கள். டெஸ்டிங் சென்டரின் யார்டில் இதே வேலை இன்க்ளைன் ஸ்டார்ட் என்று வரும்போது கார் பின்னால் உருண்டால் அந்த இடத்திலேயே டெஸ்ட் முடிந்தது, புள்ளிக் கணக்கெல்லாம் கிடையாது. இஞ்சின் அணைந்துபோனால் புள்ளிதான் போகும், ஆனால் உருண்டால் போச்சு. இந்த வித்தியாசத்தை ஆட்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அணைந்துவிடுமோ என்ற பயத்தில் ஹேண்ட்பிரேக்கை அவசரமாக விட்டுத்தான் உருள விடுகிறார்கள்.

ஊரில் ஏற்கெனவே ஓட்டிப் பழகிய ஆட்கள் வேறு ரகம். நாம் இருக்கிற நாடும் இடதுபுறம் ஓட்டுகிற நாடு, ஸ்டியரிங் வலதுபக்கம், அதனால் 'எனக்குத் தெரியும் சார்' என்று உட்காருவார்கள். கார் ஓட்டத் தெரியும்தான், கே53 தெரியாது. ஸ்டாப் போர்டில் மெதுவாக உருட்டிக்கொண்டே போவார்கள், இங்கே சக்கரம் முழுசாக நின்றாக வேண்டும். நாலு பக்கமும் ஸ்டாப் போட்ட சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போக வேண்டும் என்ற வழக்கம் நம் ஊரில் கிடையாது, அங்கே போய் ஹார்ன் அடிப்பார்கள். ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போது பட்டனை அழுத்தாமல் கரகரவென்று இழுப்பார்கள், அதற்கும் புள்ளி. ஸ்டியரிங்கில் கையைக் குறுக்கே போடுவார்கள், அதற்கும் புள்ளி. நகரும் முன் தலையைத் திருப்பி பிளைண்ட் ஸ்பாட்டைப் பார்க்கவே மாட்டார்கள், கண்ணாடியைப் பார்த்தால் போதும் என்று நினைப்பார்கள். பத்து வருஷம் மதுரையில் ஓட்டியவருக்கு ஆறு மணி நேரம் போதும் என்று நீங்கள் நினைக்கலாம். என் அனுபவத்தில் புத்தம் புதியவரைவிட இவருக்குத்தான் கூட நேரம் பிடிக்கும், பழையதை மறக்க வைக்க வேண்டும் இல்லையா.

இப்போது அந்த 800 ராண்ட் விஷயம். இதை ஒரு நிஜக் கதையோடு சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர், கணவர் இங்கே ஆஸ்பத்திரியில் வேலை. வேறொரு ஸ்கூலில் 20 பாடம் எடுத்து இரண்டு தடவை ஃபெயில் ஆன பிறகு என்னிடம் வந்தார். ஆலி டாக்கிங்கில் இரண்டு தடவையும் கம்பத்தை இடித்திருக்கிறார். கம்பம் நட்டுக் காட்டிய இடத்துக்குள் ஒரு பக்கமிருந்து ரிவர்ஸில் போய், வெளியே வந்து, மறுபக்கமிருந்தும் ரிவர்ஸில் உள்ளே போக வேண்டும். கம்பத்தில் பட்டாலே முடிந்தது. என் காரில் உட்கார வைத்துப் பார்த்தால் அக்கா திரும்பிப் பார்ப்பதே இல்லை. பின் ஜன்னலின் ஓரத்தில் ஒரு இடத்தைக் காட்டி 'இங்கே கம்பம் தெரிந்ததும் முழுசாகத் திருப்பு' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சின்ன ஹாட்ச்பேக்கில் 20 மணி நேரம் அதைத்தான் செய்திருக்கிறார். டெஸ்ட் அன்று அந்தக் கார் காரேஜில் இருக்கிறது என்று ஒரு நீளமான செடான் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜன்னலும் வேறு, உட்காரும் உயரமும் வேறு, பின்பக்க நீளமும் வேறு. அக்கா சொல்லிக்கொடுத்த இடத்தில் சரியாகத்தான் திருப்பினார், கார்தான் கம்பத்தில் போய் நின்றது. இரண்டாவது தடவையும் அதே செடான்.

நான் புதிதாக எதுவும் சொல்லித் தரவில்லை. கிளட்சைப் பாதி பிடித்து நடை வேகத்தில் விடச் சொன்னேன், ஜன்னல் அடையாளத்தை மறந்துவிட்டு இரண்டு தோளுக்கு மேலும் மாறி மாறிப் பார்க்கச் சொன்னேன், காரின் பின்மூலைக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி சுருங்குகிறதா விரிகிறதா என்பதை மட்டும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். 'சுருங்குது, சுருங்குது, நின்னுபோச்சு, விரியுது.' மூன்று மணி நேரம் இதே வேலை. நாலாவது மணியில் நான் வாயே திறக்காமல் முழு டெஸ்டையும் ஓட்ட வைத்தேன், காரைச் சுற்றிப் பரிசோதிப்பதில் தொடங்கி யார்டு, ரோடு வரை. அப்புறம் அதே காரில் டெஸ்டுக்குப் போனோம். பாஸ்.

டெஸ்ட் நாள் கார் வாடகை என்பது பிடுங்கல் இல்லை, பாடத்தின் கடைசிப் பகுதி என்று நான் சொல்வது இதனால்தான். அன்று காலை உங்கள் கார் மற்றவர்களுக்கு இல்லை, நீங்களும் அரை நாள் அங்கே நிற்கிறீர்கள், டெஸ்டுக்கு முன் ஒரு மணி நேரம் சூடுபிடிக்க ஓட்டுகிறார். காரும் தகுதியாக இருக்க வேண்டும். பிரேக் லைட் ஒன்று எரியவில்லை, கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க் தேதி போய்விட்டது என்றால் டெஸ்டே நடக்காமல் திரும்பி வர வேண்டியதுதான். இதையெல்லாம் கேப்ஷனில் 'பழகிய அதே காரில் டெஸ்ட்' என்ற நாலு வார்த்தையில் சொல்லிவிடலாம். கம்பத்தில் இடித்த ஒருவர் அதைப் படித்தால் உடனே புரிந்துகொள்வார்.

கட்டணத்தை மறைக்காமல் மொத்தத்தை முதலில் போடுங்கள். உங்கள் கணக்கே சரியாகத்தான் இருக்கிறது. மணிக்கு 300, 12 மணி 3600, டெஸ்ட் நாள் 800, ஆகமொத்தம் 4400. 3600 என்று போட்டுவிட்டுப் பிறகு 800 கேட்பவனும் 4400 என்று போடுகிறவனும் வாங்குவது ஒரே பணம்தான், ஆனால் முதல் ஆள் திருடன். இதை மூன்று தவணையாகப் பிரித்தால் உங்கள் பாடத் திட்டத்தோடு அப்படியே பொருந்தும்: சேரும்போது 2400, டெஸ்ட் தேதி கிடைத்ததும் 1200, டெஸ்டுக்கு முதல் நாள் 800. ஃபெயில் ஆனால் மறுபடி என்ன செலவு என்பதையும் போட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரப் பாடமும் டெஸ்ட் நாள் காரும் சேர்த்து 1400. ஃபெயிலைப் பற்றி விளம்பரத்தில் யாராவது எழுதுவார்களா என்று கேட்பீர்கள். எழுதினால்தான் அன்றைக்கு உங்கள் முன்னால் நின்று கத்தமாட்டார்கள்.

அரசாங்கக் கட்டணம் எதையும் உங்கள் தொகையில் சேர்க்காதீர்கள், தொகையையும் எழுதாதீர்கள். லேர்னர்ஸ் லைசென்ஸுக்கு ஒரு கட்டணம், டிரைவிங் டெஸ்ட் புக்கிங்குக்கு ஒன்று, பாஸ் ஆன பிறகு கார்டுக்கு ஒன்று. மாகாணத்துக்கு மாகாணம் வேறு, மாறிக்கொண்டும் இருக்கும். அது நேராக சென்டருக்குக் கட்டுவது, உங்கள் கை வழியாகப் போக வேண்டியதே இல்லை. கை வழியாகப் போனால் மறுபடி அந்த கோல்ட் டிரிங்க் பேச்சு வரும்.

லேர்னர்ஸ் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். லேர்னர்ஸ் கையில் இல்லாமல் ரோட்டில் ஓட்டப் பழகக் கூடாது, ஆனால் கூப்பிடுகிறவர்களில் நிறையப் பேருக்கு இது தெரியாது, ஊரில்போல எல்.எல்.ஆர் நீங்களே வாங்கித் தருவீர்கள் என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். காருக்கான லேர்னர்ஸ் 17 வயதில் எழுதலாம், ஆனால் கோட் 8 என்கிற சாதாரண கார் லைசென்ஸ் டெஸ்டுக்கு 18 ஆக வேண்டும். லேர்னர்ஸ் 24 மாதம் செல்லும், அதற்குள் டெஸ்டில் பாஸ் ஆகாவிட்டால் மறுபடி எழுத வேண்டும். விசாவில் இருப்பவர்களுக்கு இங்கத்திய ஐடி கிடையாது என்பதால் முதலில் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் வாங்கியாக வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் பணம் கட்டிய பிறகு ஒரு மாதம் அலைவார்கள், அந்தக் கோபமும் உங்கள்மேல்தான்.

லேர்னர்ஸுக்கு வகுப்பு எடுப்பதாக இருந்தால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிக்கொடுங்கள். மொத்தம் 64 கேள்வி, மூன்று பகுதி, மூன்றிலும் தனித்தனியாகப் பாஸ் ஆக வேண்டும். சாலை விதிகளில் 28-க்கு 22, போர்டு, சிக்னல், கோடுகளில் 28-க்கு 23, காரின் கன்ட்ரோல்களில் 8-க்கு 6. நம் ஆட்கள் போர்டுகளை உருப்போட்டுவிட்டு அந்த எட்டை அலட்சியம் பண்ணுவார்கள். எட்டில் மூன்று தப்பானால் மற்ற இரண்டிலும் முழு மார்க் வாங்கியிருந்தாலும் ஃபெயில். படத்தில் நம்பர் போட்டிருக்கும், திரும்பும்போது எதையெல்லாம் பயன்படுத்துவாய் என்று கேட்பான், கண்ணாடியும் இண்டிகேட்டரும் ஸ்டியரிங்கும் எந்த எந்த நம்பர் என்று தெரிய வேண்டும். காரில் உட்கார வைத்துத் தொட்டுக் காட்டினால் அரை மணி நேர வேலை.

இன்னும் ஒன்று, உங்கள் கார் மேனுவலா என்பதைப் போடவே இல்லை. ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் லைசென்ஸும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான் கிடைக்கும், அதனால் கேட்கிறவருக்கு இது பெரிய விஷயம். பயிற்சியாளராகப் பதிவு பண்ணிய சான்று உங்களிடம் இருக்கிறது என்பதையும் போடுங்கள். இருக்கிறது அல்லவா? இல்லையென்றால் கேப்ஷனை விடுங்கள், முதலில் அதை வாங்குங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"சாட்ஸ்வர்த்தில் தமிழில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறோம். கோட் 8, மேனுவல், பதிவு பெற்ற பயிற்சியாளர். லேர்னர்ஸ் கையில் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம், இல்லையென்றால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று போனில் சொல்கிறோம். விசாவில் இருப்பவர்கள் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பரை முதலில் வாங்கவும். மொத்தம் 12 மணி நேரம். முதல் 8 மணி நேரம் சேர்ந்ததும்: கிளட்ச், மேடு, ஸ்டாப், ரோபோட் என்கிற டிராஃபிக் சிக்னல், யார்டு. கடைசி 4 மணி நேரம் உங்கள் டெஸ்டுக்கு முந்தைய வாரத்தில்: யார்டு, ரோடு, நாங்கள் வாய் திறக்காத ஒரு முழு மாதிரி டெஸ்ட். பழகிய அதே காரில் டெஸ்ட், அன்று காலை ஒரு மணி நேர ஓட்டமும் சேர்த்து. எல்லாம் சேர்த்து 4400 ராண்ட்: சேரும்போது 2400, டெஸ்ட் தேதி கிடைத்ததும் 1200, டெஸ்டுக்கு முதல் நாள் 800. முதல் தடவை கிடைக்காவிட்டால் மறுபடி 1400. அரசாங்கக் கட்டணம் தனி, அதை நீங்களே சென்டரில் கட்டுவீர்கள்."

கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதை முழுசாகப் படித்துவிட்டுக் கூப்பிடுகிறவர் கேட்கப்போவது ஒரே கேள்வி, எப்போது வரட்டும் என்று. சுருக்க வேண்டும் என்றால் ரோபோட், ஸ்டாப் வரியைச் சுருக்குங்கள், தொகையை மட்டும் தொடாதீர்கள். போன் நம்பருக்குப் பக்கத்தில் மாலை 6 மணிக்கு மேல் கூப்பிடவும் என்று போட்டுவிடுங்கள். போன வாரம் உங்கள் கார் எனக்கு முன்னால் மேட்டில் போய்க்கொண்டிருந்தது, பக்கத்து சீட்டில் நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள், ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் கார் கொஞ்சம் உருண்டது.